இரங்கல் அழைப்பிதழுக்கு நான்கு வரி

தாயைப் பறிகொடுத்த தோட்டத்துப் பையன் ஒருவன் கருமக்கிரியை அழைப்பிதழுக்காக என்னிடம் வந்தான். "படத்துக்குக் கீழே நாலு வரி வேணும், சார். அச்சகத்தில் கொடுத்த பாட்டு யாருக்கும் பொருந்தும்; எங்கம்மா அதில் இல்லை" என்றான்.

அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். "இருட்டிலேயே வெட்டுக்குப் போவாங்க. திரும்பும்போது மடியில் மிட்டாய் இருக்கும். காண்டா தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போச்சு" என்றான். அதையே வரிக்கு நான்கு சொல்லாக அடுக்கினோம்.

விடியுமுன் எழுந்து வெட்டுக்குச் சென்று
மடியில் எமக்கு மிட்டாய் கொணர்ந்து
காண்டா சுமந்து காய்த்த தோளை
ஆண்டுகள் போயினும் மறவோம் அம்மா!

விடி, மடி, காண்டா, ஆண்டு. இப்படி இரண்டாம் எழுத்து ஒத்துவருவது எதுகை. முதலெழுத்து இரண்டும் குறிலாகவோ, இரண்டும் நெடிலாகவோ இருக்கவேண்டும். இரண்டு வரிக்கு ஓர் எதுகை போதும். எதுகைக்காக, 'முடியுடை அரசி' என்றுதான் அவன் முதலில் எழுதினான். அது அம்மா அல்ல என்று அவனே அடித்துவிட்டான்.

எழுதி முடித்ததும், பெயரைச் சொல்லாமல் பக்கத்து வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள். இன்னார் என்று அவர்கள் சொல்லிவிட்டால் அச்சுக்குக் கொடுக்கலாம்.