தவறிப்போன தேதிக்கும் ஊசி உண்டு

திருப்பூரில் பச்சைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் செவிலியர் பேசுகிறேன். ஊசி நாளை நினைவூட்டும் வீடியோவை ஃபோனில் பார்த்திருப்பீர்கள். பிறந்தவுடன், ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பது மாதம் முடிந்ததும், பிறகு பதினாறு மாதத்துக்கு மேல் என்று அதில் வரிசையாகச் சொல்வார்கள். ஒரே ஊரில் இருக்கும் குழந்தைக்கு அது போதும். நம் ஊரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் பலர் தாய் வீட்டில் பிரசவமாகி, சில மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு வருகிறவர்கள். அந்த இடைவெளியில்தான் ஊசி விட்டுப்போகிறது.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். மார்ச் 3-ம் தேதி உசிலம்பட்டியில் பிறக்கிறது. அன்றே பிசிஜி, மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ்-பி ஊசி, போலியோ சொட்டு எல்லாம் ஆகிவிட்டது. ஆறு வாரம் முடிவது ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். விடுமுறை என்பதால் 16-ம் தேதி புதன்கிழமை போடுகிறார்கள். தமிழ்நாட்டில் புதன்தான் தடுப்பூசி நாள். அன்று பெண்டா ஊசி, நிமோனியாவுக்கான பிசிவி, போலியோ ஊசி, போலியோ சொட்டு, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு ஆகியவை முதல் தவணை. அடுத்த தவணை நாலு வாரம் கழித்து, மே 14. அதற்குள் ஷிப்ட் ஆரம்பமாகிவிட்டது, திருப்பூருக்கு வந்தாயிற்று. புதன்கிழமை லீவு போட்டால் சனிக்கிழமை வாரச் சம்பளத்தில் குறையும். அப்படியே தள்ளிப்போய், அந்தத் தாய் நம்மிடம் வருவது ஜூன் 25.

“எல்லாத்தையும் முதல்லேர்ந்து போடணுமாங்க?” என்று பயந்துபோய்க் கேட்பார்கள். வேண்டாம் கண்ணு. போட்ட ஊசி வீணாகாது. முதல் தவணையில் உடம்பு கற்றுக்கொண்டதை மறப்பதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். ஜூன் 25 அன்று பெண்டாவும் சொட்டு மருந்துகளும் இரண்டாம் தவணை. நாலு வாரம் கழித்து ஜூலை 23 அன்று மூன்றாம் தவணை. இந்த நாலு வார இடைவெளியைக் குறைக்க முடியாது. பிசிவிக்கும் போலியோ ஊசிக்கும் இரண்டாம் தவணையை எந்த நாளில் போடுவது என்று, கார்டில் உள்ள தேதியைப் பார்த்து நர்ஸ் சொல்வார்.

தாமதத்துக்கும் எல்லை உண்டு. பெண்டாவுக்கும் ரோட்டாவுக்கும் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். அதைவிட முக்கியம், தாமதமான அத்தனை நாளும் குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு இல்லை. பெண்டாவில் தடுக்கும் ஐந்து நோய்களில் கக்குவான் இருமலும் ஒன்று. சில மாதக் குழந்தைக்கு அது வந்தால் இருமி இருமி மூச்சே நின்றுவிடக்கூடும். ஒரே காம்பவுண்டில் பத்துக் குடும்பம் இருக்கும் லைன் வீடுகளில் இருமல் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று உங்களுக்கே தெரியும். போலியோ முகாமில் சொட்டு போட்டாச்சே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். முகாம் சொட்டு கூடுதல் பாதுகாப்புதான், இந்த வரிசைக்கு ஈடாகாது.

காய்ச்சலுக்குப் பயந்தே இரண்டாம் ஊசிக்கு வராதவர்களும் உண்டு. பெண்டா போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சல் வரலாம், தொடை கொஞ்சம் வீங்கலாம். தேய்க்காதீர்கள், சூடான ஒத்தடமும் கொடுக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பாராசிட்டமாலில் மட்டும் மிகவும் கவனம். பச்சைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 என்று போட்டிருக்கும், அதாவது ஒரு மில்லிக்கு 25தான். சிரப்பின் அளவுக்குச் சொட்டு மருந்தை ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். குழந்தையின் எடையைப் பார்த்து எங்களிடம் அளவு கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் அழுதாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வலிப்பு வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது, அரிதாக வரும் ஒவ்வாமையை எங்கள் கண்முன்னே பிடிப்பதற்காகத்தான்.

கார்டை வாங்கிய அன்றே இரண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து அப்பா, அம்மா, பாட்டி மூன்று பேர் ஃபோனிலும் வையுங்கள். கார்டு தொலைந்திருந்தால் கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணையும், அப்போது பதிந்த ஃபோன் நம்பரையும் சொல்லுங்கள், தேடிப் பார்க்கலாம். பீகாரிலோ ஒடிசாவிலோ தந்த கார்டானாலும் கொண்டு வாருங்கள், பக்கத்து லைன் வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். ஊசிகளின் பெயர் எங்களுக்குப் புரியும். இந்த ஊர் ரேஷன் கார்டு யாரும் கேட்க மாட்டோம். பணமும் கிடையாது.

நாம் பார்த்த குழந்தைக்கு டிசம்பர் 3 அன்று ஒன்பது மாதம் முடியும். அன்று தட்டம்மை, ரூபெல்லாவுக்கான ஊசி. ‘பெரிய ஊசியெல்லாம் முடிஞ்சுது’ என்று பலரும் கோட்டை விடுவது இதைத்தான். நீங்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன்பே இதைப் போட்டு, கார்டைத் துணிப்பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.