வீட்டுக்காரர் செய்திக்குப் பதில் எழுதுவது எப்படி?

(நமது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

இங்கே சொந்த வீட்டுக்காரர்களும் இருக்கிறீர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகத்தான் பேசப்போகிறேன்.

நம் குடியிருப்பில் ஒரு அம்மா ஆகஸ்ட் 2ஆம் தேதி சாயங்காலம் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். "அடுத்த மாதத்திலிருந்து வாடகை ரூ.9,000" என்று வீட்டுக்காரர் எழுதியிருந்தார். அதுவரை வாடகை ரூ.7,500. "இன்னும் ஒரு மாசம் இருக்குதுங்க, மெதுவா பதில் சொல்லிக்கலாமா?" என்று கேட்டார்.

ஸ்கிரீன்ஷாட்டில் நாம் தடுமாறுவது இங்கேதான். வாட்ஸ்அப்பில் செய்திக்கு அடியில் மணி மட்டும்தான் இருக்கும், தேதி இருக்காது. மேலே "இன்று" என்று இருந்தது. அது படம் எடுத்த நாளின் "இன்று". செய்தி வந்தது அவர் கணவருக்கு. அவர் லாரி ஓட்டுகிறார், வெளியூரில் இருந்தார். விசாரித்தால், செய்தி வந்தது ஜூலை 31 இரவு 10.40 மணிக்கு. அப்படியானால் அடுத்த மாதம் என்பது செப்டம்பர் அல்ல, ஆகஸ்ட். வாடகை கொடுக்க வேண்டிய 5ஆம் தேதிக்கு மூன்றே நாள்.

படத்தின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்பட்டிருந்தது. முழு உரையாடலையும் அனுப்பச் சொன்னேன். வீட்டுக்காரர் செய்திக்கு அடியில், வண்டியில் இருந்தபடியே கணவர் ஒரு கட்டைவிரல் பொம்மை போட்டிருக்கிறார்! "பார்த்துவிட்டேன்" என்ற அர்த்தத்தில்தான் போட்டாராம். வீட்டுக்காரர் அதைச் "சரி" என்றுதானே எடுத்துக்கொள்வார்? அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து, பீரோவின் அடியில் இருந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தோம். டிசம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரை பதினொரு மாதம். இடையில் வாடகை மாறாது, புதுப்பிக்கும்போது 5 சதவீதம் கூடும் என்று எழுதியிருந்தது. 7,500க்கு 5 சதவீதம் 375 ரூபாய். ஆக, நவம்பரிலிருந்து ரூ.7,875. கேட்டதோ 20 சதவீதம், அதுவும் மூன்று மாதம் முன்கூட்டியே.

அந்த அம்மா முதலில் எழுதி வைத்திருந்த பதிலில் மோட்டார் ரிப்பேர், கசியும் சுவர், "சட்டப்படி பார்த்துக்கொள்வோம்" எல்லாம் இருந்தது. கோபம் நியாயம்தான். ஆனால் வாடகைப் பேச்சில் மோட்டாரைக் கலந்தால், வீட்டுக்காரர் மோட்டாருக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இப்படி மாற்றினோம்:

"வணக்கம் ஐயா. 31ஆம் தேதி இரவு நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. வண்டியில் இருந்ததால், பார்த்துவிட்டேன் என்பதற்காக மட்டும் கட்டைவிரல் போட்டேன். வாடகைக்குச் சம்மதம் என்று அதற்குப் பொருள் இல்லை, தவறாக நினைக்க வேண்டாம். நம் ஒப்பந்தத்தில் அக்டோபர் 31 வரை ரூ.7,500 என்றும், புதுப்பிக்கும்போது 5 சதவீதம் கூட்டுவது என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆகஸ்ட் வாடகை ரூ.7,500 வழக்கம்போல் 5ஆம் தேதிக்குள் வந்துவிடும். நவம்பர் வாடகை பற்றி நேரில் பேச உங்களுக்குத் தோதான ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள் ஐயா."

இதைக் கணவரின் போனிலிருந்தே, வீட்டுக்காரர் செய்தியை அழுத்தி, அதற்கே பதிலாக அனுப்பச் சொன்னேன். மனைவி தன் எண்ணிலிருந்து அனுப்பினால் எந்தச் செய்திக்கு யார் பதில் என்று பிறகு குழப்பம் வரும். பணம் அனுப்பும்போது குறிப்பில் "ஆகஸ்ட் வாடகை" என்று போடச் சொன்னேன். பயந்துபோய் ஒரு மாதம் ரூ.9,000 அனுப்பிவிட்டால், பிறகு அதுதான் வாடகை என்று பேச்சு வந்துவிடும்.

சட்டத்தைச் செய்தியில் இழுக்கவில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் இருக்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்ய வேண்டும். தகராறு என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. இவர்கள் ஒப்பந்தம் பதிவாகவில்லை. அந்த நிலையில் சட்டத்தைக் காட்டி மிரட்டியிருந்தால் நம் பக்கத்து ஓட்டைதான் முதலில் தெரிந்திருக்கும். ஒப்பந்தக் காலமே முடிந்துபோயிருந்தாலும் இந்தப் பதில் இவ்வளவு அழுத்தமாக நின்றிருக்காது. அப்போது வேண்டுகோளாகத்தான் எழுத முடியும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதிரி ஸ்கிரீன்ஷாட்டை நம் சங்கக் குழுவில் போட வேண்டாம். அதில் ஒருவரின் பெயரும் எண்ணும் இருக்கிறது. அவரும் இங்கே யாருக்காவது சொந்தக்காரராக இருப்பார்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்து, "ஒப்பந்தத்தை மறந்துட்டேன், ஞாயிறு வர்றேன்" என்று எழுதினார். வந்து காபி குடித்தார். பெயிண்ட் அடித்துத் தருகிறேன், நவம்பரிலிருந்து ரூ.8,000 கொடுங்கள் என்றார். ஒத்துக்கொண்டார்கள். புது ஒப்பந்தத்தை இந்த முறை பதிவும் செய்யப்போகிறார்கள்.