பாதி நாளில் தொடங்கலாமா?

வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்குப் பொதுவாக 6 முதல் 8 வாரம் வரை ஓய்வு சொல்வார்கள். அப்படி ஓய்வில் இருக்கும், தனியார் நிறுவனக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தையல் ஆறிவிட்டது. ஆனாலும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் அடிவயிறு இழுக்கிறது, மத்தியானம் ஆனால் படுக்கத் தோன்றுகிறது. 1ஆம் தேதி, திங்கட்கிழமை, வேலைக்குப் போக வேண்டும்.

"வேலைக்குச் செல்லலாம்" என்று ஒரே வரியில் ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொடுத்தால், ஹெச்ஆர் அதை முழுநேரத்துக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே எத்தனை வாரம், தினம் எத்தனை மணி நேரம், எவ்வளவு எடைக்கு மேல் தூக்கக் கூடாது என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அதை இணைத்து, லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போதே மேலாளருக்கு மெயில் போடலாம். என்ன ஆபரேஷன் என்று அதில் விவரிக்கத் தேவையில்லை.

மெயிலில் "கொஞ்ச நாள் சீக்கிரம் கிளம்பிக்கொள்கிறேன்" என்று எழுதினால் மேலாளருக்கு எதுவும் பிடிபடாது. இப்படி எழுதலாம்: "1 முதல் 13ஆம் தேதி வரை காலை 10 முதல் 2 மணி வரையும், 15 முதல் 27 வரை 10 முதல் 4 வரையும் வருகிறேன். 29ஆம் தேதியிலிருந்து வழக்கம்போல் 6 மணி வரை இருப்பேன்."

இதைப் படித்ததும் மேலாளர் மனம் காலண்டருக்குத்தான் ஓடும். ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் 11ஆம் தேதி, 3பி 20ஆம் தேதி. இரண்டும் குறைந்த நேர நாட்களில் விழுகின்றன. அவர் கேட்கும் முன்பே எழுதிவிடுங்கள்: "இரண்டு ரிட்டர்னையும் நானே முடிக்கிறேன். பில் சரிபார்ப்பை 8ஆம் தேதியே முடித்துவிடுவேன். பேங்க் வேலையும் ரெக்கார்டு ரூமிலிருந்து ஃபைல் கட்டுகளைத் தூக்கி வருவதும் மட்டும் இந்த மாதம் வேறொருவர் பார்க்க வேண்டும்."

அடுத்து சம்பளம். பேசாமல் விட்டால் மாதக் கடைசியில் 'லாஸ் ஆஃப் பே' என்று வந்து நிற்கும். வாரம் 6 நாள், தினம் 8 மணி நேர வேலை என்றால் முதல் 12 நாளில் பாதிப் பாதியாக 6 நாள் குறைகிறது, அடுத்த 12 நாளில் கால் காலாக 3 நாள். ஆக, "என் லீவில் 9 நாள் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நாமே கேட்டுவிடலாம். கால் நாள் லீவைப் பதிவேடு ஏற்காவிட்டால் இரண்டு நாளுக்கு ஓர் அரை நாள்.

உடம்பு நம் அட்டவணைப்படி தேறும் என்று சொல்ல முடியாது. "12ஆம் தேதி பேசுவோம், தேவைப்பட்டால் 4 மணி நேரத்தையே இன்னும் ஒரு வாரம் தொடர அனுமதி வேண்டும்" என்ற வரியும் இருக்கட்டும்.

பதில் மெயிலுக்குப் பதிலாக, மேலாளர் போன் செய்து "வாங்கம்மா, பாத்துக்கலாம்" என்று முடித்துவிடலாம். நல்ல மனசுதான். ஆனால் 4 மணிக்கு நீங்கள் கிளம்பியதை வருகைப் பதிவு மெஷின் மட்டும்தான் ஹெச்ஆரிடம் சொல்லும். அதனால் அன்றைக்கே, "போனில் நீங்கள் ஒப்புக்கொண்டபடி 1ஆம் தேதி முதல் வருகிறேன்" என்று, நேரங்களையும் சேர்த்து, ஹெச்ஆருக்கு ஒரு நகலோடு பதில் அனுப்பிவிடுங்கள்.