மொழிகள் என்ற அந்த ஒரு வரி

(கோவில்பட்டிப் பகுதி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



நம்மிடம் படித்துப் போன பிள்ளைகள் ஏதாவது சான்றிதழ் வேலையாகப் பள்ளிக்கு வரும்போது, "சார், இதையும் ஒரு பார்வை பாருங்கள்" என்று தன்விவரக் குறிப்பை நீட்டுவார்கள். அதில் 'மொழிகள்' என்ற வரியில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். ஒன்று, 'ஆங்கிலம்: சரளம்'. இது கணினி மையத்தில் வேறொருவர் குறிப்பில் பெயரை மட்டும் மாற்றி எடுத்தது. மற்றொன்று, ஆங்கிலம் என்ற பேச்சே இல்லாதது. இது தமிழ்வழியில் படித்த கூச்சம். இரண்டுமே அந்தப் பிள்ளையைச் சரியாகக் காட்டுவதில்லை.

ஒரு மாணவியைச் சொல்கிறேன். கயத்தாறு பக்கத்துக் கிராமம்; பன்னிரண்டு வரை தமிழ்வழி, பிறகு பி.காம். இரண்டு ஆண்டுகள் ஒரு தீப்பெட்டி நிறுவன அலுவலகத்தில் வேலை. வெளிமாநில வியாபாரிகள் போனில் கூப்பிடுவார்கள். எத்தனை பண்டல், எந்த லாரி, என்று கிளம்பியது, பணம் வந்ததா என்பதையெல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். பிறகு கோவையில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள். குறிப்பில் 'சரளம்' என்று இருந்தது. தொலைபேசி நேர்காணலில், "சரக்கு தாமதமானால் வாடிக்கையாளரிடம் என்ன சொல்வீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். பேச்சு நின்றுவிட்டது. கேட்டவருக்கு அதன் பிறகு அந்தக் குறிப்பின் மற்ற வரிகள் மீதும் நம்பிக்கை போயிருக்கும். அவள் இரண்டு ஆண்டு பேசிய ஆங்கிலமும் அதோடு கணக்கில் வராமல் போயிற்று.

கோளாறு 'சரளம்' என்ற சொல்லில் இருக்கிறது. கேட்டுப் புரிவது, வாசிப்பது, பேசுவது, எழுதுவது என்ற நான்கையும் அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. ஐரோப்பியக் குழுமம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோல், பேசுவதையே இரண்டாகப் பிரிக்கிறது: எதிராளியோடு மாறி மாறிப் பேசுவது ஒன்று, தொடர்ந்து தானே விவரித்துச் சொல்வது மற்றொன்று. தகவல் பரிமாற்றத்தில் தேறியவர் விவரிப்பதில் திணறலாம். நம் மாணவி அப்படித்தான்.

சரி, உள்ளதை எப்படிக் கண்டுபிடிப்பது? கைப்பேசியில் பதிவு செய்தால் போதும். நான் அவளுக்கு மூன்று வேலை கொடுத்தேன். முன்தயாரிப்பு இல்லாமல் தன் வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். அடுத்த அறையிலிருந்து நம் ஆங்கில ஆசிரியர் போனில் கேட்கும் ஐந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முகம் தெரியாதபோதுதான் கேட்கும் திறன் வெளிப்படும். கடைசியாக, கோபமான ஒரு வியாபாரியைச் சமாளிக்க வேண்டும். பதிவைக் கேட்கும்போது இலக்கணப் பிழைகளை எண்ணவில்லை. எங்கே தமிழுக்குத் தாவினாள், எங்கே பேச்சு அறுந்தது, புரியாதபோது திரும்பச் சொல்லுமாறு கேட்டாளா, அவள் சொன்னதை நாம் ஊகித்து நிரப்ப வேண்டியிருந்ததா என்று மட்டும் பார்த்தோம்.

ஆர்டர், லாரி, பணம் பற்றிய பேச்சில் தடையே இல்லை. புகாரில், மெதுவாகப் பேசினால் சமாளித்தாள். தன் வேலையை விவரிக்கும்போது ஒரு நிமிடத்துக்குள் சொற்கள் தீர்ந்துவிட்டன.

குறிப்பில் இப்படி எழுதினோம். எளிய ஆங்கிலத்தில் எழுதியதன் பொருளைச் சொல்கிறேன்: 'பேச்சு: வெளிமாநில வாடிக்கையாளர்களிடம் ஆர்டர், சரக்கு, பணம் பற்றித் தொலைபேசியில் பேசியுள்ளேன், இரண்டு ஆண்டுகள். நீண்ட விளக்கம் தருவதில் பயிற்சி எடுத்து வருகிறேன். வாசிப்பு: வணிகக் கடிதம், பில், மின்னஞ்சல்.' பயிற்சி என்று எழுதினால் அது உண்மையில் நடக்க வேண்டும். எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். மூன்று மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் சான்றிதழைத் தனியே குறிப்பிடலாம். ஆனால் வகுப்புக்குப் போனாள் என்பதைத்தான் அது சொல்லும், பேசுவாள் என்பதைச் சொல்லாது.

இன்னொன்றும் கவனித்தேன். அவளுடைய பழைய குறிப்பில் நோக்கம் என்ற பத்தி மிகப் பகட்டான ஆங்கிலத்தில் இருந்தது. வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன், பாதியில் தடுக்கினாள். நேர்காணல் செய்பவர் அந்த வாக்கியத்தைப் பிடித்துத்தான் முதல் கேள்வி கேட்பார். தன் வாயால் சொல்ல முடியாத வரியை எடுத்துவிட்டோம்.

பயிற்றுமொழி தமிழ் என்பதையும் கல்வித் தகுதியோடு எழுதினோம். அதை மறைக்க வேண்டாம். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டு அரசுப் பணிகளின் நேரடி நியமனத்தில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. தனியார் வேலையிலும், தமிழ்வழியில் படித்து இவ்வளவு பேசுகிறாள் என்று படிப்பவருக்கு விளங்கும்.

இப்படி எழுதினால் சில அழைப்புகள் வராமல் போகும். நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசும் கால் சென்டர் வேலைக்கு இந்தக் குறிப்பு தேறாது. இப்போதைக்கு அந்த வேலைக்கு அவளும் தேறமாட்டாள். சரக்கு அனுப்பும் பிரிவு, பில்லிங், கொள்முதல் போன்ற இடங்களுக்கே அனுப்பச் சொன்னேன். ஆறு மாதம் கழித்து அதே மூன்று பதிவுகளையும் மறுபடி செய்து, அந்த வரியை அப்போது திருத்திக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.