சுவருக்குள் யார் இடிக்கிறார்கள்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தரைத்தளத்தில் ஒரு வீட்டில் தினமும் விடியற்காலையில் சுவருக்குள் ‘டொம்’ என்று சத்தம். மேல்வீட்டில் எதையோ போடுகிறார்கள் என்று நினைத்து இரு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோனது. சத்தம் போட்டது கீழ்வீட்டு வாஷிங்மெஷின்தான்!

ஓடுகிற பஸ்ஸில் சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் போய் விழுகிறோம் அல்லவா? குழாயில் ஓடும் தண்ணீரும் அப்படித்தான். மெஷினுக்குப் போதுமான தண்ணீர் வந்ததும் உள்ளே இருக்கும் வால்வு நொடியில் மூடிக்கொள்ளும். ஓடிவந்த தண்ணீர் அதில் மோதிக் குழாயை உதைக்கும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 10 மீட்டர் கீழே இறங்கினால் ஏறத்தாழ ஒரு கிலோ பிரஷர் கூடும். அதனால் தரைத்தளத்தில் தண்ணீர் வேகமாக வரும். இடியும் பலமாக இருக்கும்.

எப்படிக் கண்டுபிடித்தோம்? அவர்கள் மெஷினைப் போட, நான் டக்டில் குழாயின் மேல் கை வைத்திருந்தேன். தண்ணீர் நின்ற அதே நொடியில் குழாய் துள்ளிச் சுவரில் மோதியது. பார்த்தால், இரண்டு கிளாம்புகளின் திருகு சுவரைவிட்டுக் கழன்று தொங்கியது.

முதலில் மெஷினுக்குப் போகும் ஆங்கிள் காக்கைப் பாதிக்கு மேல் மூடினோம். தண்ணீரின் வேகம் குறைந்து, சத்தமும் குறைந்தது. மெஷின் நிரம்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். பிறகு புது பிளக் அடித்து, சுமார் 1 மீட்டருக்கு ஒன்றாகக் கிளாம்பு போட்டு, இடையில் பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்தோம். சத்தம் நின்றது. சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். சூட்டில் அது நீளும், நகர இடம் வேண்டும்.

இதற்கும் அடங்காவிட்டால், மெஷின் இணைப்பில் காற்றறை உள்ள ‘ஹேமர் அரெஸ்டர்’ ஒன்றைப் பிளம்பரிடம் சொல்லிப் போடலாம். சத்தம்தானே என்று விட்டுவிட்டால், நாளடைவில் ஜாயின்ட் விட்டுச் சுவர் ஈரமாகும்.

தொட்டி கழுவிய மறுநாள் குழாய் ‘புஸ் புஸ்’ என்று துப்புவது வேறு. அது உள்ளே புகுந்த காற்று. மாடியில் கேட் வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, வீட்டுக் குழாய்களையும் திறந்துவிட்டு, தண்ணீர் சீராக வரும்வரை ஓடவிடுங்கள். பக்கெட்டில் பிடித்துக்கொண்டால் வீணாகாது. அப்படியும் தண்ணீர் வராவிட்டால், தொட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் காற்றுக்குழாயின் வாயை யாராவது அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அடுத்த முறை சத்தம் கேட்டால், உங்கள் வீட்டில் அந்த நொடி எந்தத் தண்ணீர் நின்றது என்று முதலில் பாருங்கள். மேல்வீட்டுக் கதவைப் பிறகு தட்டலாம்.