வேலையிழந்தவர் கையில் வைக்க இரண்டு புத்தகங்கள்



வியன்னா நகரத்துக்கு அருகில் மரியந்தால் என்னும் ஆலைக் கிராமத்தில், 1930 வாக்கில் நெசவாலை மூடப்பட்டு, ஏறத்தாழ ஊர் முழுவதுமே வேலையிழந்து நின்றபோது, மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்ற மூவரும் அவர்தம் தோழர்களும் அங்கே சென்று அம்மக்களின் அன்றாட வாழ்வைக் கவனித்து, 1933-ல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். பொழுது ஏராளமாகக் கிடைத்த அந்த நாட்களில், கட்டணமும் இல்லாமல் இரவல் கொடுத்த தொழிலாளர் நூலகத்தில், இரவல் போன புத்தகங்களின் தொகை பெருகவில்லை. முன்னிருந்ததில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துபோயிற்று. ஆகையால், வேலை போனவரிடம் தடித்த கிரந்தம் ஒன்றைக் கொடுத்து, ஓய்வாகப் படியுங்கள் என்று சொல்வது உபகாரமாகாது. அவருக்கு ஏற்ற புத்தகம், படித்த பக்கத்துக்கு ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லும் புத்தகமாக இருக்க வேண்டும். அப்படி இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலாவது, விக்டர் ஃபிராங்க்ல் எழுதிய ‘மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்’. நாஜி முகாம்களின் அனுபவத்துக்காகவே இதைப் பலரும் படிக்கிறார்கள். வேலையிழந்தவருக்குரிய பகுதியோ பிற்பதிப்புகளின் இறுதியில் சேர்க்கப்பட்ட கட்டுரையில் இருக்கிறது. வேலையில்லாததால் மனம் ஒடிந்த இளைஞர்களுக்குச் சிகிச்சை செய்த அந்த வைத்தியர், வேலையற்றவன் பயனற்றவன், பயனற்றவன் வாழ்வு பொருளற்றது என்ற இரட்டைப் பிழையே அவர்களை வாட்டுவதைக் கண்டு, ஊதியமில்லாத தொண்டு ஒன்றில், நூலகத்திலோ முதியோர் கல்வியிலோ, ஈடுபடச் செய்தார். சோர்வு நீங்கிற்று, பசி மட்டும் அப்படியே இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்தே அவர் சொல்வதால்தான் அவர் சொல்லை நான் நம்புகிறேன்.

பசிக்கு வழிகாட்டுவது இரண்டாவது புத்தகம். ரிச்சர்ட் போல்ஸ் என்ற பாதிரியார், ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் கிரேஸ் தேவாலயத்தில் தாம் வகித்த பதவியைச் சிக்கன நடவடிக்கையால் 1968-ல் இழந்தவர். தம்மைப் போலவே வேலையிழந்து நின்ற மதகுருமாருக்கென்று 1970-ல் தாமே அச்சிட்டு வழங்கியதுதான் ‘வாட் கலர் இஸ் யுவர் பாராசூட்?’. படிப்பவர் தாம் முன்னர் செய்துமுடித்த ஏழு காரியங்களைக் கதையாக எழுதுமாறு அது பணிக்கிறது: நோக்கம் என்ன, தடை என்ன, படிப்படியாக என்ன செய்தோம், விளைந்தது என்ன.

மூடப்பட்ட பஞ்சாலையின் ஸ்டோர் கீப்பர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். “இருபது வருஷ சர்வீஸ், ஸ்டோர் பொறுப்பு” என்று அவர் எழுதினால் பயிற்சி கெட்டது. அந்த வரியை எந்த ஸ்டோர் கீப்பரும் எழுதலாம். இரவு ஷிப்டில் பேரிங் ஒன்று கிடைக்காமல் மிஷின் நிற்பதைக் கண்டு, உதிரிப் பாகங்களைத் தேய்மான வேகப்படி பிரித்து, அலமாரிக்கு எண்ணிட்டு, நான் இல்லாதபோதும் எடுக்கும்படி பையன்களைப் பழக்கினேன் என்று எழுதினால், பிரித்தேன், எண்ணிட்டேன், பழக்கினேன் என்னும் வினைகள் கிடைக்கின்றன. கோயில் அன்னதானத்துக்கு அரிசி பருப்புக் கணக்கிட்ட கதையிலும், தங்கை கல்யாணத்துச் சாமான் வாங்கிய கதையிலும் அதே வினைகளோடு, எது தீரப்போகிறது என்று முன்கூட்டியே அறிந்த திறமும் வெளிப்பட்டால், அவருடைய மூலதனம் பஞ்சாலை சம்பந்தப்பட்டதன்று. ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குக்கும் ஹோட்டல் சரக்கறைக்கும் அதுவே உரியது என்பது விளங்கும்.

அடுத்த படி, அத்தகைய கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கால்மணி நேரம் கேட்டுப் போய், “நீங்கள் எப்படி ஐயா இதற்கு வந்தீர்கள்? இதில் தொல்லை எது? வேறு யாரைப் பார்க்கலாம்?” என்று விசாரிப்பது. மருந்தில் காலாவதி முந்துவதே முதலில் வெளியே போக வேண்டும் என்ற பாடம் அங்கேதான் கிடைக்கும். அந்தச் சந்திப்பில் வேலை கேட்டுவிட்டால் எதிரிலிருப்பவர் முகம் மாறிவிடும். அடுத்த பெயரும் கிடைக்காது.

இப்புத்தகத்துக்கும் எல்லை உண்டு. அடுத்த மாத வாடகைக்கு இது விடை சொல்லாது; அதற்குக் கிடைத்த கூலிவேலையை ஏற்று, இரவில் இந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டியதுதான். வருஷந்தோறும் திருத்தப்பட்டு வந்த நூலாகையால், பழைய பதிப்பின் அமெரிக்க விலாசங்களையும் இணைய விவரங்களையும் தாண்டிச் செல்லலாம். கதைப் பயிற்சி எந்தப் பதிப்பிலும் பயன்படும்.

தனியே எழுதத் தெரியாதவர்களுக்கு மூவர் கூடிச் செய்யும் முறையையும் போல்ஸ் வகுத்திருக்கிறார்: ஒருவர் கதை சொல்ல, மற்ற இருவர் அதில் கேட்ட திறமைகளைக் குறித்துத் திருப்பிச் சொல்வது. தன் வாயால் சொல்லக் கூசும் திறமை, பிறர் வாயில் கூச்சமின்றி வந்துவிடும். ஆகவே, ஞாயிறு காலைகளில் இந்நூலகத்தின் வாசிப்பு அறையில் ஒரு மேஜையும் மூன்று நாற்காலிகளும், பேசிக்கொள்ள அனுமதியும் தரவேண்டுமென்று நூலகர் அவர்களை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்; முதல் மூன்று ஞாயிறும் உடனிருந்து குறிப்பெடுக்க நான் வருகிறேன்.