தேயிலைச் சந்தை அறிக்கையும் வணிகர் உரையாடலும்

வாணிக உலகில் ஒருவரோடு ஒருவர் தொடர்பு கொண்டிருத்தல் எளிது. அத்தொடர்பு வாடிப்போகாமற் பேணுதலே அரிது. ஆறு மாதத்திற்கொருமுறை நலம் விசாரித்தெழுதும் கடிதத்திற்கு மறுமொழி வருவதில்லை. எழுதுவதற்குப் பொருள் வேண்டும். அப்பொருள் பெறுபவருக்குப் பயன்பட வேண்டும். அதனை எங்கிருந்து பெறுவது? இலங்கையின் தேயிலை வணிகத்தில் இவ்வினாவுக்கு நெடுங்காலமாகவே ஒரு விடை இருந்துவருகின்றது. வாரந்தோறும் தரகர் நிறுவனங்கள் வெளியிடும் சந்தை அறிக்கையே அது.

கொழும்பிலே தேயிலை ஏலவிற்பனை 1883ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஆரம்பமாயிற்று. 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் பெருந்தொற்றுக் காலத்தில் அது மண்டபத்தை விட்டு மின்னணு முறைக்கு மாறியது. ஆயினும் ஏலம் முடிந்ததும் தரகர்கள் அறிக்கை எழுதும் வழக்கம் மாறவில்லை. முன்பு தபாலில் வந்தது. இப்பொழுது மின்னஞ்சலில் வருகின்றது. அவ்வளவே வேறுபாடு.

அவ்வறிக்கையில் உள்ளவை யாவை? எவ்வளவு தேயிலை ஏலத்திற்கு வந்தது, உயர்நிலம், இடைநிலம், தாழ்நிலம் என்னும் ஒவ்வொரு பகுதித் தேயிலையும் எவ்வாறு விலைபோயிற்று, எந்த நாட்டுக்காக வாங்குவோர் ஊக்கத்தோடு கேட்டனர், எவர் ஒதுங்கி நின்றனர், மலைநாட்டில் மழை எப்படி, கொழுந்து எப்படி என்பனவெல்லாம் அதில் இருக்கும். பலர் முதற்பக்கத்திலுள்ள சராசரி விலையை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடுகின்றனர். பேச்சுக்கு உரிய பொருள் பெரும்பாலும் அப்பக்கத்தில் இருப்பதில்லை.

ஏற்றுமதி நிலையமொன்றிற் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு யப்பானிலே ஊவாத் தேயிலை வாங்கும் கலவையாளர் ஒருவர் தொடர்பு. காலிப் பக்கத்திலே தாழ்நிலத் தொழிற்சாலை நடத்தும் முதலாளி ஒருவர் தொடர்பு. இவ்விருவருக்கும் ஒரே செய்தியை அனுப்புவது வீண். ஆகவே அவர் குறிப்புப் புத்தகத்தில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குகின்றார். எந்த நிலத்துத் தேயிலை, எந்தத் தரம், எந்தப் பருவம் என்பவற்றைத் தலைப்பில் எழுதிவைக்கின்றார். அறிக்கை வந்ததும் முன்வாரத்து அறிக்கையை அருகில் வைத்து, அந்தந்தப் பக்கத்திற்கு உரிய வரிகளை மாத்திரம் ஒப்பிடுகின்றார். முழுவதையும் படிக்க ஒரு மணி நேரம் ஆகுமாயின், இவ்வாறு படிக்கக் கால் மணி நேரம் போதும்.

யூலை மாதத் தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கத்தில் உலர்காற்றாக வீசும் காலம் அது. அப்பொழுது பதுளை, அப்புத்தளைப் பக்கங்களிற் கொழுந்து மெதுவாக வளரும்; ஊவாவுக்கே உரிய நறுமணம் ஏறும். யூலை முதற் செத்தெம்பர் வரையான இப்பருவத்தை யப்பானியக் கலவையாளர் நன்கு அறிவார். “ஊவாப் பருவம் தொடங்கிவிட்டது” என்று அவருக்கு எழுதுவது, மீனவனுக்குக் கடலைக் காட்டுவது போலாகும்.

இங்கேதான் ஒரு நுட்பம் உண்டு. இவ்வாரம் ஏலத்தில் விற்ற தேயிலை ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னர் தொழிற்சாலையில் ஆக்கப்பட்டது. பொதிசெய்து, கொழும்புக்கு அனுப்பி, விற்பனைப் பட்டியலிற் சேர்த்து, மாதிரிகளை வாங்குவோருக்கு வழங்க அவ்வளவு காலம் செல்கின்றது. ஆகவே அறிக்கையின் விலைப்பகுதி கழிந்த காலத்தைச் சொல்கின்றது. வானிலைப்பகுதி வருங்காலத்தைச் சொல்கின்றது. ஊவாவில் உலர்காற்றுத் தொடர்கின்றது என்ற ஒரு வரியைக் கண்டதும் இளைஞர் எழுதுகின்றார்: “சென்ற பத்து நாட்களாக மழையில்லை. இந்நாட்களில் ஆக்கிய தேயிலை மாத இறுதியில் ஏலத்திற்கு வரும். தாங்கள் சென்ற ஆண்டு விரும்பிய தோட்டங்களின் மாதிரியை அனுப்பட்டுமா?” இக்கடிதத்திற்கு மறுமொழி வரும். ஏனெனில் இதில் ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கின்றது. ஒரு வினாவும் இருக்கின்றது. இடையில் மழை பெய்து மணம் குறைந்துவிட்டால், அதனையும் அவ்வாறே எழுதிவிட வேண்டும். நல்ல செய்தியை மட்டும் எழுதுபவரின் கடிதத்தை இரண்டாம் ஆண்டில் எவரும் பிரிப்பதில்லை.

காலி முதலாளியின் நிலை வேறு. தம் தேயிலை என்ன விலைக்குப் போயிற்றென்பது அவருக்குத் தரகர் கணக்கிலேயே தெரியும். அவருக்குத் தெரியாதது, ஈராக்கிலோ ருஷ்யாவிலோ உள்ள கொள்வனவாளர் ஏன் ஒரு தரத்தை விட்டு மற்றொன்றைக் கேட்கின்றனர் என்பது. ஒருவருக்கு எது மறுபக்கமோ அதனைச் சொல்வதே உரையாடல். தோட்டக்காரருக்குத் துறைமுகச் செய்தி. வெளிநாட்டாருக்கு மலைச் செய்தி.

சராசரி விலையை நம்பிப் பேசுவோர் எவ்வாறு இடறுகின்றனர் என்பதையும் பார்க்கலாம். உதாரணத்திற்காக எளிய எண்களைக் கொள்வோம். ஒரு வாரத்தில் தாழ்நிலத் தேயிலை கிலோ 1200 ரூபா, உயர்நிலத் தேயிலை 1000 ரூபா. இரண்டும் சமபாதி வந்தன. சராசரி 1100. மறுவாரம் தாழ்நிலம் 1180க்கும் உயர்நிலம் 980க்கும் இறங்கின. ஆனால் அவ்வாரம் வந்த தேயிலையில் முக்காற்பங்கு தாழ்நிலம். சராசரி என்ன? 1130. இரு தேயிலைகளும் விலை குறைந்திருக்க, சராசரி மாத்திரம் முப்பது ரூபா ஏறிவிட்டது! இதனை அறியாத இளைஞர் தொலைபேசியிற் காலி முதலாளியை அழைத்து, “முதலாளி, சந்தை ஏறிவிட்டதே” என்று மகிழ்ந்து பேசினால், “தம்பி, என் கணக்கில் இறங்கியல்லவா இருக்கின்றது” என்ற மறுமொழிதான் கிடைக்கும். அடுத்த முறை அவர் அழைப்பை எடுப்பதும் ஐயமே. சராசரி பிறழ்ந்திருப்பதை அறிய வழி எளிது: நிலவாரியான விலைகளும் அதே திசையிற் சென்றனவா என்று பார்த்தாற் போதும்.

நாணயமும் இவ்வாறு ஏமாற்றும். 2022ஆம் ஆண்டில் ஏலத்தின் சராசரி விலை ரூபாவிலே முன்னாண்டைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அவ்வாண்டு மார்ச் மாதத்தின் பின் ரூபாவின் மதிப்புச் சரிந்ததே அதற்குப் பெருங்காரணம். முந்திய ஆண்டின் இரசாயன உரத் தடையால் விளைச்சல் குறைந்ததும் ஒரு காரணம். வெளிநாட்டார் டொலரிற் கணக்கிடுபவர். அவர் கண்ட ஏற்றம் அதனைக் காட்டிலும் மிகக் குறைவு. அவருக்கு எழுதும்பொழுது அன்றைய மாற்று விகிதத்தால் வகுத்தே எழுத வேண்டும்.

இன்னும் ஒன்று. தரகர் விற்பவர் சார்பிற் செயற்படுபவர். அவருடைய அறிக்கை பொய் சொல்வதில்லை. ஆனால் மந்தமான சந்தையைக்கூடச் சற்று மென்மையான சொல்லாற் குறிப்பதுண்டு. இரண்டு நிறுவனங்களின் அறிக்கைகளை ஒப்பிட்டால் அம்மென்மை எவ்வளவென்று தெரிந்துவிடும். விற்கப்படாமல் எஞ்சிய தேயிலையின் அளவு தெரிந்தால் இன்னும் தெளிவாகும்.

அறிக்கையில் அச்சானது பொதுச்செய்தி, எவரிடமும் பேசலாம். யப்பானியர் தம் தேவையைப் பற்றி எழுதியது அவ்வாறன்று. அது காலி முதலாளியின் காதுக்குப் போகுமாயின், மறுவாரம் கொழும்பு முழுவதும் அறிந்துவிடும். ஆதலால் அந்த இளைஞர் தம் குறிப்புப் புத்தகத்தில் அறிக்கையிலிருந்து எடுத்ததைக் கறுப்பு மையிலும், தொடர்பாளர் சொன்னதைச் சிவப்பு மையிலும் எழுதுகின்றார். சிவப்பு மையில் உள்ளது அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறுவதில்லை.